சிமெண்ட் மூட்டை, கம்பிக் கட்டு போட்டோவை வைத்து கிரேடு முடிவு செய்வது: எதை எடுக்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்

வீடு கட்டுகிறவர்களுக்கு கான்ட்ராக்டரிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வரும்: நான்கு போட்டோ, கீழே ஒரு வரி. "ரெண்டு சிமெண்டும் டாப், ரெண்டு கம்பியும் டாப். எதை இறக்கட்டும்?" முதல் போட்டோவில் 53 என்று கொட்டை எழுத்தில் போட்ட மூட்டை. இரண்டாவதில் எண்ணே இல்லாத, `PPC` என்று மட்டும் போட்ட மூட்டை. மூன்றாவதில் ஒரு கம்பிக் கட்டில் தொங்கும் அட்டை, அதில் `Fe 550`. நான்காவதில் இன்னொரு கட்டு, கம்பியின் உடம்பிலேயே `500D` என்று புடைப்பாக எழுதியிருக்கிறது.

பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடத்தான் கை போகும். நண்பர் ஒருவர் இதே மாதிரி நான்கு போட்டோவை எனக்கு அனுப்பியபோது அவர் கை ஏற்கெனவே போயிருந்தது, 53-க்கும் 550-க்கும் டிக் போட்டுவிட்டுத்தான் "சரிதானே?" என்று கேட்டார். சரியில்லை. ஏன் என்பதற்கு அந்த நான்கு போட்டோவையே எடுத்துக்கொள்கிறேன். இதில் வரும் குறிகளும் விதிகளும் இந்தியத் தரநிலையைச் சேர்ந்தவை. வேறு நாட்டு மூட்டையில் வேறு குறி இருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, கிரேடு என்னவென்று போட்டோவே சந்தேகமில்லாமல் சொல்கிறதா என்பது. சொல்லவில்லை என்றால் மற்ற ஒப்பீடெல்லாம் வீண். இரண்டாவது, நமக்குத் தேவைப்படும் நாளில் அந்தப் பொருள் தேவையான பலத்தைத் தருமா. மூன்றாவது, வரைபடத்தில் எஞ்சினியர் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா. நான்காவது, பில்லில் வராத செலவு. முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், கம்பி ஜாயின்ட் எவ்வளவு நீளம் போகும், இதெல்லாம் அதில் அடங்கும். விலையை இங்கே எடுக்கவில்லை; அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

## மூட்டையில் கண் எங்கே போக வேண்டும்

முன்பக்கத்துப் பெரிய எழுத்துகள் விளம்பரம். "சூப்பர்", "கோல்டு", "ஸ்ட்ராங்" எதற்கும் தரநிலையில் இடமில்லை. தேட வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரை. அதன் மேலே ஓர் எண் இருக்கும், கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். மேலே உள்ள எண்தான் சிமெண்டின் வகையைச் சொல்கிறது:

| மூட்டையில் உள்ள எண் | சிமெண்ட் |
|---|---|
| `IS 269` | ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் |
| `IS 1489 (Part 1)` | சாம்பல் கலந்த பிபிசி |
| `IS 455` | இரும்பு உலைக் கசடு கலந்த பிஎஸ்சி |
| `IS 16415` | சாம்பல், கசடு இரண்டும் கலந்த காம்போசிட் சிமெண்ட் |

இதில் இரண்டு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். 2015-க்கு முன்பு ஓபிசி 43-க்கு `IS 8112`, ஓபிசி 53-க்கு `IS 12269` என்று தனித்தனி எண் இருந்தது. 2015-இல் எல்லாவற்றையும் `IS 269`-க்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் இப்போது எண்ணைப் பார்த்து 43-ஆ 53-ஆ என்று பிரிக்க முடியாது. மூட்டையில் கிரேடு எழுதியிருக்கும் வரியும் போட்டோவில் தெளிவாக விழ வேண்டும். போன மாதத் தேதி போட்ட மூட்டையில் `IS 12269` இருந்தால், அந்தப் பழைய எண் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு வழுக்கல், `IS 11652`. இது சாக்குப் பைக்கான தரநிலை. பையின் ஓரத்தில் இந்த எண் இருந்தால் பை நல்ல பை என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. "ஐஎஸ் நம்பர் இருக்கு பாருங்க" என்று சிலர் இதைச் சுட்டிக்காட்டுவார்கள், பாவம், அவர்களுக்கும் தெரியாது.

அடுத்து தேதி. பெரும்பாலும் `W 22 M 05 Y 25` என்ற வடிவில் இருக்கும்: 2025-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம், மே மாதத்தில் பேக் செய்தது. மூன்று மாதத்தைத் தாண்டிய சிமெண்டை மறுபடி சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அச்சடித்த கிரேடு பேக் செய்த நாளுக்கு உரியது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் மூட்டையில் எண் மட்டும் அப்படியே இருக்கும், பலம் இருக்காது.

உரிம எண்ணை `BIS Care` செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர், எந்தப் பொருளுக்கு உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். போட்டோவை வைத்துக்கொண்டு இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய உருப்படியான சோதனை இது.

## ஓபிசி 53

53 என்பது, தரநிலைப்படி செய்த சிமெண்ட் மணல் கலவைக் கட்டியை 28-ஆம் நாள் நசுக்கும்போது, சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டனாவது தாங்க வேண்டும் என்ற கணக்கு. சிமெண்டுக்கான மதிப்பெண் அது. நம் வீட்டுக் கான்கிரீட்டின் பலத்தைத் தண்ணீர் அளவுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 53 சிமெண்டில் மேஸ்திரி கண்ணளவில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாகக் கலக்கினால் கிடைப்பது கஞ்சிக் கான்கிரீட்தான்.

இதன் உண்மையான பயன் வேகம். மூன்றாம் நாளே குறைந்தபட்சம் 27, ஏழாம் நாள் 37 வந்துவிட வேண்டும். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் கழற்றி அடுத்த மாடிக்குக் கொண்டுபோக வேண்டும், எஞ்சினியர் மிக்ஸ் டிசைன் போட்டு கான்கிரீட்டின் கிரேடை எம்30, எம்35 என்று எழுதியிருக்கிறார், இப்படியான இடங்களில் இது சரியான தேர்வு.

மறைந்திருக்கும் செலவும் அந்த வேகத்திலிருந்துதான் வருகிறது. வேகமாக இறுகும்போது சூடும் சீக்கிரம் கிளம்பும். வெயிலில் போட்ட தளத்தில் முதல் நாள் தண்ணீர் தவறினால் மேற்பரப்பில் மயிர்க்கோடாக விரிசல் விழும். பூச்சு வேலைக்கு 53 போடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சுவர் முழுக்க வலை பின்னினாற்போல் விரிசல் வந்த பிறகு பட்டி பார்க்கிற காசில் மூட்டை விலை வித்தியாசமெல்லாம் கரைந்துவிடும்.

## ஓபிசி 43

ஓபிசி 53-க்கும் பிபிசிக்கும் நடுவில் நிற்பது. மூன்றாம் நாள் 23, ஏழாம் நாள் 33, 28-ஆம் நாள் 43. வீட்டுத் தளத்துக்கும் பீமுக்கும் வழக்கமான எம்20, எம்25 கான்கிரீட்டுக்கு இது போதும். கிடைத்தால் நல்லது, சில்லறைக் கடைகளில் 53-உம் பிபிசியும் கிடைக்கிற அளவுக்கு இது கிடைப்பதில்லை. போட்டோவில் 43-ஐயும் 53-ஐயும் மாற்றிப் படிப்பது எளிது, அதிலும் மூட்டை மடங்கிப் போய்ப் பாதி எண் மறைந்திருந்தால். மூட்டையை நிமிர்த்தி வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

## பிபிசி

"இதுல கிரேடே போடலையே" என்பதுதான் முதல் சந்தேகம். பிபிசிக்குத் தரநிலையில் கிரேடு கிடையாது. 28-ஆம் நாள் குறைந்தபட்சம் 33 வர வேண்டும் என்று மட்டும்தான் விதி. ஆகவே "53 கிரேடு பிபிசி" என்று யாராவது சொன்னால் அது கடைப் பேச்சு. அதே சமயம் 33 என்பது தரை. நல்ல நிறுவனத்தின் பிபிசி அதைத் தாண்டிப் போகும். எவ்வளவு தாண்டுகிறது என்று அறிய அந்த வாரத்துச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். மூட்டையில் சாம்பல் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். விதிப்படி அது 15-லிருந்து 35-க்குள் இருக்கும். இந்தச் சதவீத வரி இல்லாத பிபிசி போட்டோவை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை.

| | ஓபிசி 53 | ஓபிசி 43 | பிபிசி |
|---|---|---|---|
| 3-ஆம் நாள் குறைந்தபட்சம் | 27 | 23 | 16 |
| 7-ஆம் நாள் | 37 | 33 | 22 |
| 28-ஆம் நாள் | 53 | 43 | 33 |
| வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியது | 10 நாள் | 10 நாள் | 14 நாள் |
| போட்டோவில் அவசியம் தெரிய வேண்டியது | கிரேடு வரி, தேதி | கிரேடு வரி, தேதி | சாம்பல் சதவீதம், தேதி |

மூன்றாம் நாள் வரிசையைப் பாருங்கள். 16-க்கும் 27-க்கும் உள்ள இடைவெளிதான் பிபிசியின் செலவு. ஓபிசி கான்கிரீட்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளிலும், 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுகளை 14 நாளிலும் எடுக்கலாம் என்பது `IS 456` சொல்லும் கணக்கு. பிபிசிக்கு அதை நீட்டிக்க வேண்டும். எத்தனை நாள் என்பதைத் தளம் போடுவதற்கு முன்பே எஞ்சினியரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் பிபிசியைப் போட்டுவிட்டு ஓபிசி கணக்கில் முட்டுகளைத் தட்டிவிடுவார்கள். சென்ட்ரிங் வாடகை நாள் கணக்கில் ஓடுவதால் அந்த அவசரம் வரத்தான் செய்யும்.

பதிலுக்கு பிபிசி தருவது என்ன? சூடு மெதுவாக வருகிறது. நாளாக ஆக உள்துளைகள் அடைபட்டுக் கான்கிரீட் நெருக்கமாகிறது. உப்போ சல்பேட்டோ உள்ள நிலத்தடி நீருக்கு நன்றாகத் தாங்குகிறது. அஸ்திவாரம், செங்கல் கட்டுமானம், பூச்சு மூன்றுக்கும் என் முதல் தேர்வு இதுதான். வீடு முழுக்க ஒரே சிமெண்ட் வாங்கி அடுக்க விரும்புகிறவருக்கும் இதைத்தான் சொல்வேன்: தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும், முட்டுகளைக் கூடுதல் நாள் நிறுத்தி வைக்கப் பொறுமையும் வேண்டும்.

பிஎஸ்சியும் காம்போசிட்டும் இதே 16, 22, 33 கணக்கில்தான் வருகின்றன. பிபிசிக்குச் சொன்னதை அவற்றுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

## கம்பியில் அட்டையா, உடம்பா

கட்டில் தொங்கும் அட்டையில் நிறுவனம், கிரேடு, விட்டம், வார்ப்பு எண் எல்லாம் இருக்கும். ஆனால் அட்டையை ஒரு கட்டிலிருந்து கழற்றி இன்னொரு கட்டில் மாட்ட அரை நிமிடம் போதும். கம்பி உருளும்போதே அதன் உடம்பில் விழும் புடைப்பு எழுத்தை அப்படி மாற்ற முடியாது. நிறுவனத்தின் பெயரும், பெரும்பாலான நிறுவனங்களில் கிரேடும் விட்டமும், சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அட்டை ஒன்று சொல்லி உடம்பு வேறு சொன்னால் உடம்பை நம்ப வேண்டும்.

போட்டோவில் அந்தப் புடைப்பு எழுத்து துருவின் நிறத்தோடு கலந்து தெரியாமல் போகும். கம்பியின் மேல் சாக்பீஸை லேசாகத் தேய்த்தால் எழுத்தின் முகடு மட்டும் வெளுத்து நிற்கும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாலும் நிழலில் எழுத்து எழும். இதைச் செய்து எடுக்கச் சொன்னால் கடைக்காரர் முதலில் முறைப்பார், அப்புறம் எடுத்துக் கொடுப்பார்.

இரண்டு தவறான அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். `TMT` என்பது கம்பி செய்யும் முறையின் பெயர், கிரேடு இல்லை. கம்பி நுனியில் அடித்த பச்சை, சிவப்பு பெயின்ட் நிறுவனமோ கடையோ தன் வசதிக்கு வைப்பது; அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

## 500, 500டி, 550, 550டி

கம்பிக்கான தரநிலை `IS 1786`. எண் என்பது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் தாங்க வேண்டிய குறைந்தபட்ச இழுவை. `D` என்ற எழுத்து வளைந்து கொடுக்கும் குணத்தைக் குறிக்கிறது. அறுபடும் முன் கம்பி எவ்வளவு நீள வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தால் அந்த ஒற்றை எழுத்தின் மதிப்பு தெரியும்:

| கிரேடு | குறைந்தபட்ச நீட்சி |
|---|---|
| `Fe 500` | 12% |
| `Fe 500D` | 16% |
| `Fe 550` | 10% |
| `Fe 550D` | 14.5% |

டி இல்லாத 550, எண்ணில் முதலிலும் நீட்சியில் கடைசியிலும் நிற்கிறது. நில அதிர்வில் கட்டடம் ஆடும்போது கம்பி அறுந்துபோகாமல் நீண்டு கொடுக்க வேண்டும்; வீடு சட்டென்று விழாமல் எச்சரிக்கை தருவது அந்த நீட்சிதான். பட்டறையிலும் வித்தியாசம் தெரியும். 8 எம்எம் கம்பியில் ரிங் வளைக்கும்போது 500டியை இன்னும் இறுக்கமாக வளைக்கலாம். தரநிலையின் வளைப்புச் சோதனையே 500டிக்கு விட்டத்தின் 3 மடங்கு உருளையிலும் 550-க்கு 5 மடங்கு உருளையிலும்தான் நடக்கிறது. ரிங் வளைக்கும் பலகையில் ஆணி அடிப்பவர் எல்லாக் கம்பிக்கும் ஒரே ஆணியைத்தான் வைத்திருப்பார். 550-ஐ அதில் வளைத்தால் மூலையின் வெளிப்புறத்தில் நுண்விரிசல் விழ வாய்ப்பு அதிகம்.

550-க்கான வாதம் எப்போதும் ஒன்றுதான்: "பலம் ஜாஸ்தி, அதனால கம்பியைக் குறைச்சுக்கலாம்." கணக்கில் 11 கம்பிக்குப் பதில் 10 போதும் என்று வரும். ஆனால் குறைத்தால் இரண்டு விஷயம் கூடவே மாறுகிறது. ஒன்று, ஜாயின்ட் நீளம். எம்20 கான்கிரீட்டில் 12 எம்எம் கம்பிக்கு 500-ஆக இருந்தால் ஓவர்லாப் சுமார் 68 செமீ. 550-இன் முழுப் பலத்தையும் வாங்க வேண்டுமானால் சுமார் 75 செமீ. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு ஜாயின்ட்டில் திரும்பிப் போய்விடும். இன்னொன்று, தளத்தின் தொய்வு. 500-உம் 550-உம் ஒரே இழுவைக்கு ஒரே அளவுதான் நீளும். இரும்பின் விறைப்பு கிரேடோடு கூடுவதில்லை. கம்பி குறைந்தால் ஒவ்வொன்றிலும் இழுவை கூடும், தளம் அதிகம் தொய்யும், விரிசல் அகலமாகும். இதெல்லாம் எஞ்சினியர் முதலிலிருந்தே 550 என்று வைத்துக் கணக்குப் போட்டால் சமாளிக்கக்கூடியவை. சைட்டில் நின்றுகொண்டு மனக்கணக்கில் குறைப்பவை இல்லை.

ஆகவே சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு, வரைபடத்தில் 500 என்று இருந்தால் 500டி எடுப்பது நல்லது. எஞ்சினியரே 550 என்று எழுதியிருந்தால் 550டி. டி இல்லாத 550 வீட்டுக்கு எங்கே பொருந்தும் என்று யோசித்தால் எனக்கு இடம் அகப்படவில்லை.

## கிரேடு சரி, எடை?

போட்டோவில் கிரேடு சரியாக இருந்தும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கம்பியின் விட்டம் மெலிந்திருந்தால் கிரேடு நன்றாக இருந்தும் பயனில்லை. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். இதற்குச் சூத்திரம் எளிது: விட்டம் × விட்டம் ÷ 162. 12 மீட்டர் நீளக் கம்பி ஐந்து உள்ள கட்டு 53.3 கிலோ வர வேண்டும். 10 எம்எம்முக்கு மேல் 16 எம்எம் வரை மொத்தமாக எடுக்கும்போது 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. ஆக 50.6 கிலோவுக்குக் கீழே போனால் அந்தக் கட்டு தேறாது.

போட்டோவில் கட்டின் நுனியை நேராக எடுக்கச் சொன்னால் எத்தனை கம்பி என்று எண்ணிவிடலாம். கூடவே எடைமேடைச் சீட்டின் போட்டோவும் வந்தால் கணக்கு முடிந்தது.

## அந்த நான்கு போட்டோ

நண்பரின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 53 மூட்டையில் `W 22 M 05 Y 25`. தளம் போடப் போவது செப்டம்பர் பத்தாம் தேதி. மூன்று மாதம் தாண்டிவிட்டது. பிபிசி மூட்டையில் 34-ஆம் வாரம், சாம்பல் சதவீதம் இருந்தது, உரிம எண் செயலியில் சரியாக வந்தது. எஞ்சினியர் எம்20 என்றுதான் எழுதியிருந்தார். பிபிசி என்று முடிவானது; முட்டு கூடுதல் நாள் நிற்பதற்கு சென்ட்ரிங்காரரிடம் முன்கூட்டியே பேசி வாடகையைக் கணக்கில் சேர்த்தார்கள்.

550 கம்பிக்கு அட்டை மட்டும்தான் இருந்தது. உடம்பின் போட்டோ கேட்டதும் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தது, போட்டோ வரவில்லை. 500டியில் சாக்பீஸ் தேய்த்த படம் பத்து நிமிடத்தில் வந்தது. ஆனால் எடைச் சீட்டில் ஐந்து கம்பிக் கட்டு ஒன்று 48 கிலோ காட்டியது: மீட்டருக்கு 0.8 கிலோ, பத்து சதவீதம் குறைவு. கிரேடு சரி, கம்பி மெலிவு. அந்தக் கட்டைத் திருப்பிவிட்டு, அதே 500டியில் வேறு வார்ப்பு எண் உள்ள கட்டுகளைக் கேட்டார். அவை 52.4 கிலோ வந்தன. அவற்றைத்தான் இறக்கினார்கள்.